0.01-க்குக் கீழே

ஜூன் 3
புரோஸ்டேட் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு அப்பாவுக்கு எடுத்த பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை முடிவுகள் ஆறையும் எக்செல்லில் ஏற்றினேன். <0.1, <0.1, <0.01, <0.01, 0.02, 0.03. முதல் இரண்டும் நாகர்கோவிலில் பார்த்தவை, மற்றவை திருவனந்தபுரத்தில்.

அறுவைக்குப் பிறகு 0.2-ஐத் தொட்டு, மறுபரிசோதனையிலும் அப்படியே வந்தால்தான் நோய் திரும்பியதாகக் கொள்வார்கள். அதனால் `=B2>=0.2` என்றால் கட்டம் சிவக்கும்படி வைத்தேன். முதல் நான்கும் சிவந்தன. கை நடுங்கிவிட்டது. என்னை உறங்கவிடாத 0.02-ம் 0.03-ம் வெள்ளையாக இருக்கின்றன!

இரவு 11 மணி. புரிந்துவிட்டது. `<` இருப்பதால் அது எண் அல்ல, எழுத்து. எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட்டால் எக்செல்லுக்கு எழுத்துதான் எப்போதும் பெரியது. அந்த நான்கும் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நின்றதை முதலிலேயே கவனித்திருக்க வேண்டும்.

ஜூன் 4
மழை. அப்பா வடசேரிச் சந்தைக்குப் போய் ஏத்தம்பழம் வாங்கி வந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் 6
AVERAGE 0.025 என்கிறது. ஆறின் சராசரி அல்ல அது. எழுத்துகளை விட்டுவிட்டுக் கடைசி இரண்டை மட்டும் கூட்டி வகுத்திருக்கிறது. கோட்டு வரைபடமோ அதே நான்கையும் சைபரில் வைத்து வரைகிறது. ஒன்று அவற்றை இல்லை என்கிறது, மற்றது சைபர் என்கிறது. இரண்டும் பொய். ஏதோ இருக்கலாம், ஆனால் ஆய்வகம் உறுதியாகச் சொல்லக்கூடிய அளவுக்குக் கீழே இருக்கிறது. அவ்வளவுதான்.

ஜூன் 7
“பாதியைப் போட்டுவிடு, எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்” என்றார் அத்தான். போட்டேன்: 0.05, 0.05, 0.005, 0.005, 0.02, 0.03. நடுவில் ஒரு பள்ளம், பிறகு ஏற்றம். அந்தப் பள்ளம் அப்பாவின் உடம்பில் நடந்ததல்ல, நாங்கள் ஆய்வகம் மாற்றியது. அத்தானிடம் சொல்லவில்லை. அக்காவுக்கு வரைபடத்தை அனுப்பவும் இல்லை.

ஜூன் 9
தாளில் உள்ளதை B-யில் அப்படியே விட்டேன். குறிக்கு C, எண்ணுக்கு D.

```
C2: =IF(LEFT(B2,1)="<","<","")
D2: =VALUE(SUBSTITUTE(B2,"<",""))
சிவப்பு: =AND(C2="",D2>=0.2)
```

சிவப்பு போய்விட்டது. வரைபடத்தில் குறி உள்ளவற்றை அந்தந்த எல்லையில் வெற்று வட்டமாக வைத்தேன், கீழ்நோக்கிய அம்புடன். கோடு இழுக்கவில்லை. சராசரியை அழித்தேன், ஏறுகிறதா என்று தெரிய சராசரி எதற்கு?

ஒன்று மட்டும் அறுக்கிறது. பழைய இடத்திலேயே பார்த்திருந்தால் 0.02-ம் 0.03-ம் <0.1 என்றே வந்திருக்கும். நாங்களும் நிம்மதியாக உறங்கியிருப்போம்.

ஜூன் 10
0.03.

ஜூன் 12
அதே ஆய்வகத்தில்தான் இரத்தம் கொடுத்தோம், வேறெங்கும் போகக் கூடாதென்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். திரும்பும்போது களியக்காவிளையில் பஸ் வெகுநேரம் நின்றது. “அந்தக் குறி இந்தத் தடவை வருமா?” என்று கேட்டார் அப்பா. என் கணினியை எப்போது பார்த்தார் என்று தெரியவில்லை. முடிவு நாளை மாலை