துபாய் வாடிக்கையாளருக்கு டாலரில் விலை சொல்வது: கைக்கு வரும் ரூபாயிலிருந்து பின்னோக்கிப் போட்ட கணக்கு

கீழக்கரை, பெரியபட்டினம், மண்டபம் பக்கம் வெப்சைட், டிசைன், வீடியோ எடிட்டிங் செய்கிறவர்களுக்கு முதல் வெளிநாட்டு வாடிக்கையாளர் பெரும்பாலும் துபாயிலிருந்துதான் வருகிறார். ஊர்க்காரர் ஒருவர் அங்கே கார்கோ ஆபீஸ் வைத்திருப்பார், வாட்ஸ்அப்பில் "தம்பி, நம்ம ஆபீஸுக்கு ஒரு வெப்சைட் போடணும், எவ்வளவு ஆகும்?" என்று கேட்பார். அந்த நிமிடத்தில் வாய்க்கு வந்த டாலரைச் சொல்லிவிட்டால், வேலை முடிந்து பணம் வங்கிக்கு வரும்போது சில ஆயிரம் ரூபாய் குறைந்திருக்கும். அது எங்கே போனது என்று ஒவ்வொரு வரியாகத் தேடித் தேடித்தான் இந்த முறைக்கு வந்து சேர்ந்தோம்.

எட்டுப் பக்க வெப்சைட் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். எல்லாம் போக நம் கைக்கு 60,000 ரூபாய் வர வேண்டும். அன்று டாலரின் நடு விலை, அதாவது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் நிற்பது, 88 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் போடும்போது அன்றைய விலையைப் போடுங்கள். டாலரின் அன்றைய விலையை அறிவிக்கும் எஃப்பிஐஎல் நிறுவனம் வேலை நாட்களில் மதியம் ஒன்றரை மணி வாக்கில் வெளியிடும் விலையைப் பார்ப்பது நல்லது. 60,000-ஐ 88-ஆல் வகுத்தால் 682 டாலர். இதை அப்படியே சொல்வதுதான் எல்லோரும் முதலில் செய்கிற தப்பு.

பேபால் மாதிரியான தளத்தில் இரண்டு இடத்தில் பணம் கழிகிறது. ஒன்று கட்டணம்: நம் கணக்கில் 4.4 சதவீதமும் ஒவ்வொரு பில்லுக்கும் 30 சென்ட்டும். இது கண்ணுக்குத் தெரியும். இன்னொன்று, டாலரை ரூபாயாக்கும் விலை. தளம் நடு விலையைத் தராது, கீழே இறக்கித்தான் தரும். இதற்குத் தனி வரி எதுவும் இல்லாததால் பலர் கவனிப்பதே இல்லை. கண்டுபிடிக்க ஒரே வழி, பழைய பணம் ஒன்றை எடுத்து வகுத்துப் பார்ப்பது. 200 டாலர் பில்லில் கட்டணம் போக 190.90 டாலர், வங்கியில் விழுந்தது 16,127 ரூபாய் என்றால், வகுத்தால் 84.48. அன்றைய நடு விலை 88. அதாவது 4 சதவீதம் விலையிலேயே போயிருக்கிறது. பழைய பணம் இல்லாதவர்கள் முதலில் ஒரு சின்ன பில் அனுப்பி வாங்கி, இந்த வகுத்தலைச் செய்துவிட்டுப் பெரிய வேலைக்கு விலை சொல்லலாம்.

682 டாலர் சொல்லியிருந்தால் கைக்கு வருவது சுமார் 55,050. கிட்டத்தட்ட ஐயாயிரம் குறைவு. சரி, 4.4-ஐயும் 4-ஐயும் கூட்டி 8.4 சதவீதம் ஏற்றிச் சொல்லலாமே என்றால் 739 டாலர் வரும். அப்போதும் முந்நூறு ரூபாய்க்கு மேல் குறையும். காரணம், தளம் நம் அடிப்படை விலைக்குக் கட்டணம் போடுவதில்லை. ஏற்றிச் சொன்ன மொத்தத்துக்கும் சேர்த்துப் போடுகிறது. அதனால் ஏற்றக் கூடாது, வகுக்க வேண்டும். எக்செல்லில் இப்படி வைத்திருக்கிறோம்:

```
=(B1/(B2*(1-B3))+B4)/(1-B5)
```

B1 கைக்கு வேண்டிய ரூபாய், B2 நடு விலை, B3 விலையில் போகிற 4%, B4 அந்த 0.30, B5 கட்டணமான 4.4%. விடை 743.23. கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியைத் தனியாகப் போடும் தளம் என்றால் B5-இல் 4.4 அல்ல, 5.192 போட வேண்டும்.

இந்தக் கட்டணத்தைப் பில்லில் தனி வரியாகக் காட்டாதீர்கள். அப்படி வாடிக்கையாளர் தலையில் போடுவதைத் தளத்தின் விதியே தடுப்பதுண்டு. அதோடு அந்த வரியைப் பார்த்ததும் பேரம் அங்கேதான் தொடங்கும். மொத்த விலைக்குள்ளேயே இருக்கட்டும்.

எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம். "காக்கா, டாலர்ல சொல்றேன்" என்றால் "திர்ஹத்துல சொல்லேன்" என்பார்கள். திர்ஹம் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்றே கட்டப்பட்டிருக்கிறது. டாலரில் சொன்னால் அவருக்கு விலை ஏறி இறங்கும் பயமே இல்லை. பேபாலில் திர்ஹக் கணக்கும் கிடையாது. ஆனால் அவர் திர்ஹ கார்டில் கட்டினால் அவருடைய வங்கி மாற்று விலையில் கொஞ்சம் சேர்த்து எடுக்கும். கடைசியில் நாம் சொல்லப்போகும் 760 டாலர் என்பது 2,791 திர்ஹம். கார்டில் அதைவிடக் கூடுதலாகவே கழியும். "நீ கூட எடுத்துட்டியா?" என்று அவர் கேட்பதற்கு முன்பே, விலை அனுப்பும்போதே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

743 எப்படி 760 ஆனது? அது தாமதத்துக்காக. விலை சொன்ன நாளுக்கும் பணம் விழும் நாளுக்கும் நடுவே எத்தனை நாள் என்று எண்ணிப் பாருங்கள். அவர் சரி சொல்ல ஒரு வாரம், வேலை நான்கு வாரம், பார்த்துத் திருத்தம் சொல்ல ஒரு வாரம், பில் கட்ட ஒரு வாரம். புதுக் கணக்கு என்றால் தளம் பணத்தை 21 நாள் வரை நிறுத்தி வைக்கலாம். அதற்குப் பிறகு வங்கிக்கு இரண்டு மூன்று நாள். பத்து வாரத்துக்கு மேல் ஆகிறது. ரூபாய் சரிந்துகொண்டேதான் போகும், தாமதம் நமக்கு லாபம் என்று சொல்கிறவர்கள் உண்டு. 2025 பிப்ரவரியில் 88-ஐ நெருங்கிய டாலர், அதே ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் 84 பக்கம் வந்துவிட்டது. அந்த இடைவெளியில் விலை சொல்லிப் பணம் வாங்கியவருக்கு 100-க்கு 4 ரூபாய்க்கு மேல் நட்டம். விலை 2 சதவீதம் இறங்கினாலும் தாங்க, 743-ஐ 0.98-ஆல் வகுத்தால் 758. நேராக 760 என்கிறோம். இதில் டாலர் கிட்டத்தட்ட 86 வரை இறங்கினாலும் 60,000 கைக்கு நிற்கும். அதற்குக் கீழே போனால் நிற்காது. அதனால் விலை 15 நாளுக்குத்தான் செல்லும் என்று எழுதுகிறோம். பதினாறாம் நாள் சரி சொன்னால் புதுக் கணக்கு.

இந்த 760-இல் 300 டாலரை வேலை தொடங்கும் முன்பே முன்பணமாக வாங்குகிறோம். அதற்கும் இந்தத் தாமதமே காரணம். புதுக் கணக்கில் நிறுத்தி வைப்பது முதல் பணத்துக்கு நடந்துவிட்டால், வேலை நடக்கிற நாலு வாரத்திலேயே அது கழிந்துபோகும். முன்பணம் வாங்காமல் முழுப் பணத்தையும் கடைசியில் வாங்கினால் வேலையும் முடிந்து, பணமும் 21 நாள் பூட்டிக் கிடக்கும்.

வங்கி வழி நேரடி டிரான்ஸ்பரையும் இதே அறுபதாயிரத்துக்குப் போட்டுப் பார்த்தோம். நடுவில் நிற்கும் வங்கி 20 டாலர் எடுக்கிறது, நம் வங்கி டாலரை 87.30-க்கு வாங்குகிறது, உள்வரும் கட்டணம் ஜிஎஸ்டியோடு 236 ரூபாய் என்று வையுங்கள். நாணய மாற்றத்துக்கும் ஜிஎஸ்டி உண்டு: ஒரு லட்சம் ரூபாய் வரை, தொகையில் 1 சதவீதத்தை மதிப்பாக எடுத்து அதில் 18 சதவீதம். அறுபதாயிரத்துக்கு 109 ரூபாய்தான் ஆகிறது. எவ்வளவு சின்னத் தொகையானாலும் 45 ரூபாய்க்குக் குறையாது. எல்லாம் சேர்த்தால் சுமார் 711 டாலர் போதும். தளத்தைவிட 32 டாலர் மிச்சம். ஆனால் இங்கே பெரும்பாலான செலவு தொகையைப் பார்த்து ஏறுவதில்லை. 100 டாலருக்கும் அந்த இருபதும் 236-ம் போகும். இந்த எண்களை வைத்துப் பார்த்தால் 300 டாலர் பக்கம் இரண்டு வழியும் சமம். அதற்குக் கீழே தளம், மேலே வங்கி. ஆகவே 300 முன்பணம் தளத்தில், மீதி 460 வங்கியில். வங்கி வழியைத் துண்டு துண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு துண்டுக்கும் 20 டாலர் போகும். அனுப்பும்போது எல்லாக் கட்டணமும் அனுப்புகிறவருடையது என்று அவர் `OUR` தேர்ந்தெடுத்தால் அந்த இருபதும் மிஞ்சும். `SHA` என்றால் நடுவில் கழியும்.

வங்கி வழியில் தாமதம் வேறு மாதிரி வரும். டாலர் துபாயிலிருந்து நேரே கீழக்கரைக்கு வருவதில்லை. அமெரிக்க வங்கி ஒன்றின் வழியாகச் சுற்றி வருகிறது. அதனால் மூன்று நாட்டு விடுமுறையையும் பார்க்க வேண்டும். துபாயில் 2022 முதல் வெள்ளி மதியத்தோடு அரசு வேலை முடிந்து சனி, ஞாயிறு விடுமுறை. இங்கே இரண்டாம், நான்காம் சனி வங்கி இல்லை. வெள்ளி மதியம் அனுப்பிய பணத்தைச் செவ்வாய்க்கு முன் தேடிப் பயனில்லை. திங்கள் காலை அனுப்பச் சொல்லுங்கள்.

அதைவிடப் பெரிய தாமதம் பெயரால் வருகிறது. நம் பக்கம் முகமது என்ற பெயர் ஆதாரில் ஓர் எழுத்துக்கூட்டல், பான் கார்டில் இன்னொன்று, பாஸ்புக்கில் முன்னெழுத்து மட்டும் என்று இருக்கும். பில்லில் பாஸ்புக்கில் உள்ள பெயரையே எழுத்துக்கு எழுத்து போடுங்கள். தளக் கணக்கு, பான், வங்கி மூன்றும் ஒன்றாக இல்லாவிட்டால் முன்பணம் கேட்பதற்கு முன்பே சரி செய்யுங்கள். அடுத்தது, வந்த பணம் எதற்கு என்று வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவு மெயிலில் கேட்கும். அந்தப் பிரிவு நம் கிளையில் இருக்காது, வேறு ஊரில் இருக்கும். பதில் போகாத வரை பணம் அங்கேயே நிற்கும். பில் நகலையும் நோக்கக் குறியீட்டையும் கிளையில் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். மென்பொருள், வெப்சைட் வேலைக்கு நாங்கள் போடுவது `P0802`.

இந்த இடத்தில்தான் காக்கா அன்போடு ஒரு வழி சொல்வார்: "எதுக்கு இவ்வளவு? எக்ஸ்சேஞ்சில் உன் சேவிங்ஸ் கணக்குக்கு ரூபாயாவே போட்டுடறேன்." கட்டணம் குறைவு, மறுநாளே வந்துவிடும், உண்மைதான். ஆனால் அப்படி வரும் பணம் பொதுவாகக் குடும்பச் செலவுக்கு, `P1301` என்ற குறியீட்டில் பதிவாகும். வேலைக்கு வந்த வருமானம் என்று காட்ட உங்களிடம் காகிதம் இருக்காது. பின்னால் ஜிஎஸ்டி பதிவு எடுக்கும்போதோ கடன் கேட்கும்போதோ அந்த ஆண்டு ஏற்றுமதி வருமானமே இல்லாததுபோல் நிற்பீர்கள். உண்டியல் வழி வந்தால் அது அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கே எதிரானது. சிக்கல் நமக்கு மட்டுமல்ல, கொடுத்தவருக்கும்தான். நாங்கள் சொல்கிற பதில்: "காக்கா, ஆபீஸ் கணக்கிலிருந்து டாலராவே அனுப்புங்க, உங்களுக்கும் பில் கணக்கில் நிக்கும்."

பணம் விழுந்த வாரமே, அது வெளிநாட்டிலிருந்து வந்தது என்று காட்டும் எஃப்ஐஆர்ஏ சான்றை எடுத்து பில்லோடு ஒரே ஃபைலில் வையுங்கள். பேபாலில் அது மாதம் ஒன்றாகக் கிடைக்கும். வங்கியில் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அதே உட்காரலில், வந்த ரூபாயை நிகர டாலரால் வகுத்து B3-ஐத் திருத்திவிடுங்கள். 4 என்று இருந்தது 3.6 ஆகவோ 4.3 ஆகவோ மாறியிருக்கும். அடுத்த வேலையின் விலை அந்த எண்ணிலிருந்துதான் வரும்.