கட்டட நிர்வாகம் கைமாறும்போது போகிற முதல் கடிதம்

ஒரு கட்டடத்தின் பராமரிப்பைப் புதிதாக ஏற்கும் நிறுவனம் குடியிருப்போருக்கு அனுப்புகிற முதல் கடிதத்தைப் படிப்பவர் இடத்திலிருந்து பாருங்கள். முன்பின் தெரியாத யாரோ, "இனிமேல் பணத்தை எங்கள் கணக்கில் கட்டுங்கள்" என்கிறார்கள். மோசடிக் கடிதமும் இதே மாதிரிதான் இருக்கும். அதனால் "நாங்கள் இத்தனை ஆண்டு அனுபவம் உள்ளவர்கள்" என்று தொடங்குகிற கடிதம் வேலைக்கு ஆகாது. இது உண்மையான கடிதம்தான் என்று அவர் தானே சரிபார்த்துக்கொள்ள வழி வைப்பதுதான் முதல் வேலை.

ஒரு கட்டடத்தின் பராமரிப்பை ஏற்றபோது நாங்கள் செய்தது இது. எங்கள் கடிதத்துக்கு ஒரு வாரம் முன்னதாக, பழைய நிறுவனமும் உரிமையாளர் சங்கமும் சேர்ந்து கையெழுத்திட்ட அரைப்பக்க அறிவிப்பு எல்லோருக்கும் போனது. பொறுப்பு மாறும் தேதி, எங்கள் நிறுவனத்தின் முழுப்பெயர், எங்களிடமிருந்து தனிக் கடிதம் வரும் என்ற தகவல், இவ்வளவே அதில் இருந்தன. கணக்கு எண்ணை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. பிறகு எங்கள் கடிதத்தில் இப்படி எழுதினோம்: "இந்தக் கடிதம் உண்மையா என்று உறுதிசெய்ய இதில் உள்ள எண்ணை அழைக்க வேண்டாம். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் சங்கச் செயலாளரின் எண்ணையோ, பழைய நிறுவனத்தின் எண்ணையோ அழைத்துக் கேளுங்கள். கணக்கு எண்ணை மாற்றச் சொல்லி நாங்கள் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ அனுப்ப மாட்டோம்." கடைசி வாக்கியம் மிக முக்கியம். நிர்வாகம் மாறும் செய்தி வெளியே தெரிந்ததும், அதைப் பயன்படுத்தி வேறொருவர் போலிச் செய்தி அனுப்ப வாய்ப்பு இருக்கிறது.

அடுத்தது, யாருக்கு எத்தனை கடிதம் என்ற கணக்கு. கட்டடத்தில் 40 வீடுகள். 26 வீடுகளில் உரிமையாளர்களே குடியிருந்தார்கள், 14 வீடுகள் வாடகைக்கு விடப்பட்டிருந்தன. ஆகவே 40 கடிதங்கள் போதாது. உரிமையாளர்களுக்கு 40, வாடகைதாரர்களுக்கு 14, மொத்தம் 54. எல்லாவற்றையும் கீழே உள்ள அஞ்சல் பெட்டிகளில் போட்டால், அந்த 14 வீடுகளின் உரிமையாளர்கள் கையில் எதுவும் சேராது. அவர்கள் வெளியூரில் இருப்பார்கள், பெட்டியைத் திறப்பவர் வாடகைதாரர். பழைய நிறுவனம் கொடுத்த முகவரிப் பட்டியலிலும் சில வரிகளில் உரிமையாளரின் முகவரியாக அதே வீட்டு எண்ணே இருந்தது. அப்படிப்பட்டவற்றைத் தனியே பிரித்து, சங்கத்தின் பதிவேட்டோடு ஒப்பிட்டுச் சரியான முகவரியைப் பிடித்தோம்.

இரண்டு தரப்புக்கும் ஒரே கடிதம் என்பது வசதியாகத் தோன்றும், ஆனால் குழப்பத்தில்தான் முடியும். இந்தக் கட்டடத்தில் பராமரிப்புக் கட்டணம் கட்டுவது உரிமையாளர். வாடகையை 9 பேர் நேரே உரிமையாளரிடம் கொடுத்தார்கள், மீதி 5 பேர் பழைய நிறுவனம் வழியாகக் கட்டினார்கள். "எல்லாக் கட்டணங்களையும் புதிய கணக்கில் செலுத்தவும்" என்று பொதுவாக எழுதியிருந்தால், அந்த 9 பேரில் சிலர் வாடகையையும் எங்களுக்கே அனுப்பியிருப்பார்கள். அதனால் வாடகைதாரர் கடிதத்திலேயே இரண்டு வடிவம் வைத்தோம். 9 பேருக்கான கடிதத்தில் கணக்கு எண் கிடையாது. "வாடகையை இப்போது யாரிடம் கொடுக்கிறீர்களோ, அவரிடமே தொடர்ந்து கொடுங்கள்" என்ற வரி மட்டும் இருந்தது.

வாடகைதாரர் கடிதத்தைப் பிரித்ததும் தேடுவது இரண்டு விஷயங்களை: வாடகை ஏறுமா, கொடுத்த அட்வான்ஸ் எங்கே? முதலாவதற்கு, "உங்கள் ஒப்பந்தத்தின் வாடகை, காலம், நிபந்தனைகள் எதுவும் இதனால் மாறாது" என்று ஒரே வரி. அதை எழுதும் முன் உரிமையாளர்களிடம் ஒப்புதல் வாங்கிவிட வேண்டும். இரண்டாவதில் நிதானம் தேவை. பழைய நிறுவனத்திடம் இருந்த அந்த 5 பேரின் அட்வான்ஸ் தொகை அப்போது எங்கள் கைக்கு வந்திருக்கவில்லை. "பத்திரமாக எங்களிடம் இருக்கிறது" என்று எழுதியிருந்தால் அது பொய். "பட்டியலும் பணமும் எங்களிடம் வந்ததும், உங்கள் பெயரில் எவ்வளவு இருக்கிறது என்று 20-ஆம் தேதிக்குள் தனிக் கடிதம் தருகிறோம். உங்களிடம் உள்ள ரசீதின் நகலை அனுப்பினால் ஒப்பிடச் சுலபமாக இருக்கும்" என்று எழுதினோம். ரசீதும் பட்டியலும் ஒத்துப்போகாவிட்டால் அது உடனே தெரிந்துவிடும். இல்லையென்றால் அவர் வீட்டைக் காலி செய்யும் நாளில்தான் தெரியவரும்.

நிலுவைக்கும் இதே விதிதான். முதல் கடிதத்தில் யாருடைய பாக்கித் தொகையையும் குறிப்பிடக் கூடாது. பழைய கணக்குப் புத்தகத்தில் கடைசி வாரம் வந்த பணம் பெரும்பாலும் ஏறியிருக்காது. கட்டி முடித்தவருக்குப் பாக்கி என்று கடிதம் போனால், அதற்குப் பிறகு நாம் எழுதும் எதையும் அவர் நம்ப மாட்டார்.

பணம் கட்டும் பத்தியில் எந்த மாதத்திலிருந்து என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். "ஜூலை 1 முதல்" என்று மட்டும் எழுதினால், ஜூன் கட்டணத்தை ஜூலை 3-இல் கட்டுபவர் எங்கே கட்டுவார்? "ஜூன் வரையிலான கட்டணம், எப்போது கட்டினாலும், பழைய கணக்கில். ஜூலை மாதக் கட்டணம் முதல் புதிய கணக்கில்" என்று எழுதினால் சந்தேகம் வராது. பணம் அனுப்பும்போது குறிப்பில் வீட்டு எண்ணையும் மாதத்தையும் 304-07 என்பதுபோல் போடச் சொன்னோம். கணவர் பெயரில் வீடு, மனைவி கணக்கிலிருந்து பணம் என்றால், பெயரை வைத்து வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது.

இவ்வளவு எழுதியும் முதல் மாதம் 11 பேரின் பணம் பழைய கணக்குக்கே போனது. அவர்களில் 8 பேர் வங்கியில் மாதாமாதம் தானாகப் போகும்படி ஏற்பாடு செய்து வைத்திருந்தவர்கள். கடிதத்தைப் படித்திருந்தார்கள், தலையாட்டியும் இருந்தார்கள். ஆனால் வங்கிக்குச் சொன்னால்தானே நிற்கும்? "தானியங்கிப் பணப்பரிமாற்றம் வைத்திருப்பவர்கள் பழையதை ரத்து செய்து புதிதாகப் பதிவு செய்யுங்கள்" என்ற வரி உள்ளே எங்கோ புதைந்திருந்தது எங்கள் தவறு. அது கணக்கு எண்ணுக்கு நேர் மேலே, தடித்த எழுத்தில் இருக்க வேண்டும். பழைய கணக்கை 90 நாள் மூடாமல் வைத்து, தவறி வரும் பணத்தை வாரம் ஒருமுறை பட்டியலோடு எங்களுக்கு மாற்றுவதாகக் கடிதம் போகும் முன்பே பழைய நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கியிருந்தோம். அதனால் யாருக்கும் தாமதக் கட்டணம் போட வேண்டியிருக்கவில்லை. இரண்டாம் மாதம் 4 பேர், மூன்றாம் மாதம் ஒருவர் என்று குறைந்தது.

அவசர எண்ணைக் கடிதத்தில் அச்சிடும் முன் இரவு 2 மணிக்கு அழைத்துப் பாருங்கள். யார் எடுக்கிறார், கட்டடத்தின் பெயரைச் சொன்னால் அவருக்குப் புரிகிறதா, பிளம்பரை அனுப்ப அவருக்கு அதிகாரம் உண்டா என்று கேளுங்கள். கடிதத்தைவிட இங்கே முக்கியமானது ஒன்று உண்டு. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர் கடிதத்தைத் தேட மாட்டார், சுவரில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்ப்பார். அந்த ஸ்டிக்கரைப் பொறுப்பேற்கும் நாளன்றே மாற்ற வேண்டும். லிஃப்டில் உள்ள அவசர அழைப்புப் பொத்தான் எந்த எண்ணுக்குப் போகும்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் அழுத்திப் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும். எங்கள் கட்டடத்தில் அது பழைய நிறுவனத்தின் அலுவலகத்தில்தான் ஒலித்தது. லிஃப்ட் பராமரிப்பவர் வந்து எண்ணை மாற்றிய பிறகே ஸ்டிக்கரை ஒட்டினோம்.