நைட் ஷிப்டில் எந்த வேலையை எந்த மணிக்கு வைப்பது?

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இரவு 10 முதல் காலை 6 வரை வேலை பார்த்தபடியே தேர்வுக்குப் படித்தவன் நான். அதே நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் சில இரவுகள் மணிக்கு ஒருமுறை உங்கள் விழிப்புக்கு மதிப்பெண் போடுங்கள். கரோலின்ஸ்கா அளவுகோல் என்று ஒன்று உண்டு: 1 என்றால் முழு விழிப்பு, 9 என்றால் தூக்கத்தோடு மல்லுக்கட்டும் நிலை. எனக்கு 1 மணி வரை 3, 4 என்று ஓடும். மூன்றரைக்கு மேல் 7, 8. உடல் வெப்பம் அடிமட்டத்துக்கு இறங்கும் நேரம் அது, அதனால் பலருக்கும் ஏறக்குறைய இப்படித்தான் வரும். ஆனாலும் உங்கள் கணக்கை நீங்களே எடுங்கள். தொடர் நைட்டில் முதல் இரவும் மூன்றாம் இரவும் ஒன்றுபோல இருக்காது.

கையில் கணக்கு வந்ததும், கடினமான வேலை முன்னே, எளிதான வேலை பின்னே என்று பிரிக்கத் தோன்றும். நான் அப்படிப் பிரிப்பதில்லை. தவறு நடந்தால் உடனே கண்ணில் படுமா என்றுதான் பார்ப்பேன். ரிசல்ட்டைப் பார்த்து ரிஜிஸ்டரில் எழுதுவது எளிதான வேலைதான். ஆனால் தூக்கக் கலக்கத்தில் 13.2 என்பது 12.3 ஆகிவிட்டால் யாருக்கும் தெரியாது, இரண்டுமே நம்பும்படியான எண்கள். அதனால் அதையும் முன்னேரத்துக்கே கொண்டு வந்துவிட்டேன்.

என் இரவு இப்படி அமைந்தது. வந்ததும், அளவு முன்பே தெரிந்த கன்ட்ரோல் சாம்பிளை ஓட்டி இயந்திரத்தைச் சரிபார்ப்பது. அடுத்து ஸ்லைடு: நூறு வெள்ளையணுக்களை வகை பிரித்து எண்ணும் வேலை, நடுவில் கவனம் சிதறினால் முதலிலிருந்து எண்ண வேண்டும். ஒரு மணிக்குள் பதிவுகள். மூன்றரைக்கு மேல் டியூப் அடுக்குவது, மேஜை துடைப்பது, ஸ்டாக் பார்ப்பது. டியூப் இடம் மாறினால் அடுத்தவர் எடுக்கும்போதே தெரிந்துவிடும்.

நாலு மணிக்கு அவசர சாம்பிள் வந்தால் தள்ளிப்போட முடியாது. அப்போது எண்களை வாய்விட்டுப் படித்து, பக்கத்தில் இருப்பவரிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள். இடைவேளையில் கண்ணயர்ந்தால் இருபது நிமிடத்தில் எழுந்துவிடுங்கள். எழுந்ததும் கால் மணி நேரமாவது மந்தமாக இருக்கும், அப்போது ஸ்லைடைத் தொடாதீர்கள்.

படிப்புக்கும் இதே கணக்குதான். பகல் தூக்கம் முடிந்து தலை தெளிந்த பிறகு, மாலை ஐந்து வாக்கில், கரைசலை நீர்க்கச் செய்யும் கணக்குகளும் புதிய பாடமும். இரவில் வேலை ஓய்ந்தால், ஏற்கெனவே படித்ததைக் குறிப்பு அட்டையில் புரட்டலாம், அதுவும் இரண்டு மணிக்குள். அதற்கு மேல் அதே வரியைத் திரும்பத் திரும்பப் படிப்பீர்கள், ஒன்றும் ஏறாது. காலையில் வீடு திரும்பியதும் ஒரு பாடம் பார்த்துவிட்டுப் படுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பகல் தூக்கத்தை அது தின்றுவிடும், மாலைப் படிப்பும் அதோடு போகும்.