சாரம், சேலை, பெட்சீட்: எங்கள் எஸ்கேயு குறியீடுகளை ஒழுங்குபடுத்திய கதை

களுவாஞ்சிக்குடியில் மச்சாள் கைத்தறித் துணி வியாபாரம் செய்கிறார். மருதமுனைத் தறிகளில் இருந்து சாரம், சேலை, பெட்சீட் எடுத்து வட்ஸ்அப்பிலும் எங்கள் இணையக் கடையிலும் விற்கிறோம். சாரம் மட்டும் இருந்த காலத்தில் "மெரூன் கட்டம்", "பச்சை பெரிய கரை" என்று சொன்னாலே வீட்டில் எல்லாருக்கும் விளங்கியது. சேலையும் பெட்சீட்டும் துவாயும் வந்தபின் அந்தப் பெயர்கள் ஒன்றோடொன்று முட்டத் தொடங்கின. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எஸ்கேயு, அதாவது கடையின் சொந்தக் குறியீடு, வைக்கும் வேலை என்னிடம் வந்தது. பார்கோடு வேறு விஷயம், அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 479 என்று தொடங்கும் இலங்கைப் பார்கோடு எண்ணை ஜிஎஸ்1 அமைப்பிடம் பதிந்துதான் எடுக்க வேண்டும். எஸ்கேயுவை யாரிடமும் கேட்கத் தேவையில்லை, நாமே வைக்கலாம். ஆனால் எப்படி வைப்பது என்று சொல்லித்தர யாரும் வரமாட்டார்கள், அதனால்தான் நாங்கள் செய்ததை விளக்கமாக எழுதுகிறேன்.

எனக்கு முதல் கணக்குப் பார்த்த தம்பி ஒரு எக்செல் தாள் வைத்திருந்தார். மருதமுனைச் சரக்கு என்பதால் MAR என்று தொடங்கி MAR-5, MAR-12, MAR-40 என்று எண் போட்டிருந்தார். யாரும் இப்படித்தான் தொடங்குவார்கள், பார்க்க நன்றாகவும் இருக்கும். ஆனால் எக்செல் MAR என்பதை மார்ச் மாதம் என்று எடுத்துக்கொள்ளும். MAR-5 என்று அடித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனால் அது 5-Mar ஆகிவிடும். அதன்பின் அந்தக் கட்டத்தை டெக்ஸ்ட் என்று மாற்றினாலும் பழைய எழுத்து திரும்பி வராது, ஒரு எண்தான் வரும். 2025ஆம் ஆண்டில் அடித்த MAR-5 என்றால் 45721. MAR-40 இன்னும் மோசம். மார்ச்சில் 40ஆம் திகதி இல்லாததால் அது 1940 மார்ச் மாதமாகி Mar-40 என்று நிற்கும், பார்ப்பவர் கண்ணுக்குச் சரியாகவே தெரியும். கடைத் தளத்துக்கு அந்தத் தாளை ஏற்றியபோது சில பொருட்களின் இருப்பு மாறியது, சில மாறவே இல்லை. தளம் குறியீட்டை வைத்துத்தான் பொருளைத் தேடுகிறது, 5-Mar என்று அதனிடம் ஒன்றும் இல்லையே.

குறியீட்டு நிரலை அடிப்பதற்கு முன்னமே டெக்ஸ்ட் என்று வைத்தால் இது நடக்காது என்பது உண்மைதான். ஆனால் சிஎஸ்வி கோப்பை யாராவது இரட்டைக் கிளிக் செய்து திறந்து சேமித்தால் அந்தக் காவல் போய்விடும், எங்கள் வீட்டில் அந்தக் கோப்பைத் திறப்பவர் ஒருவர் அல்ல. அதனால் எக்செல்லால் திகதியாகவோ வெறும் எண்ணாகவோ படிக்க முடியாத குறியீடுதான் வேண்டும் என்று முடிவெடுத்தேன். எந்தக் குறியீட்டை யோசித்தாலும் முதலில் வெறும் தாளில், எந்த அமைப்பும் மாற்றாமல் அடித்துப் பார்ப்பேன். அடித்தது அடித்தபடியே நின்றால்தான் அடுத்த பேச்சு. JAN, MAY, SEP, DEC எல்லாம் இப்படித்தான் கழிந்தன. 007 போன்று பூச்சியத்தில் தொடங்கும் வெறும் எண்ணும் கழிந்தது, அது 7 ஆகிவிடும்.

அடுத்தது வகை. சரோங், சாரி இரண்டுக்கும் ஆங்கில முதல் மூன்று எழுத்து SAR. தமிழில் எடுத்தாலும் சாரம், சாரி, சால்வை எல்லாம் SA தான். முதல் எழுத்துகளை வெட்டி எடுப்பது இந்தத் துணிகளுக்குச் சரிவராது. ஒரு பட்டியல் எழுதி, எந்த இரண்டு வகையை எடுத்தாலும் குறைந்தது இரண்டு எழுத்தாவது வித்தியாசப்பட வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். சாரம் SRG, சேலை SEL, சால்வை PON (பொன்னாடையாகத்தான் கூட விற்கிறது), துவாய் TUV, பெட்சீட் BED. முதலில் துவாய்க்கு TWL என்றும் சால்வைக்கு SWL என்றும் யோசித்தேன், மச்சாள் வேண்டாம் என்றார். பொதி கட்டும் பிள்ளை அவசரத்தில் கையால் எழுதும்போது S எது T எது என்று தெரியாது என்பது அவர் காரணம், அது சரியான காரணம்.

போனில் சொல்வதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். எங்கள் ஆட்கள் B, P இரண்டையும் "பி" என்றுதான் சொல்வோம், D, T இரண்டும் "டி". அதனால் B-P அல்லது D-T மாற்றத்தால் மட்டும் வேறுபடும் இரண்டு குறியீடுகள் இருக்கவே கூடாது. O என்ற எழுத்தும் I என்ற எழுத்தும் எண்களோடு ஒட்டி வரக் கூடாது. PON-க்குள் O இருக்கிறது, ஆனால் வகைப் பகுதியில் எழுத்து மட்டும், அடுத்த பகுதியில் எண் மட்டும் என்று பிரித்திருப்பதால் அதைப் பூச்சியம் என்று படிக்க இடமில்லை.

நடுப்பகுதி டிசைன் எண். இதற்கு அர்த்தம் எதுவும் வைக்கவில்லை, வருகிற வரிசையில் ஓர் எண், அவ்வளவுதான். "கட்டம்" என்றால் K, "பூக்கரை" என்றால் P என்று போடலாமே என்று தோன்றும். அப்புறம் கட்டமும் பூக்கரையும் சேர்ந்த ஒரு சாரம் வரும்போது எந்த எழுத்து என்று நின்று யோசிக்க வேண்டிவரும். டிசைனின் விவரத்துக்குத் தாளில் தனி நிரல் இருக்கிறது. எண்ணை ஒவ்வொரு வகைக்கும் 101இல் தொடங்கினேன். எல்லாம் மூன்று இலக்கமாக இருப்பதால் வரிசைப்படுத்தும்போது 1, 10, 2 என்று குழம்பாது, முன்னால் பூச்சியமும் தேவையில்லை.

கடைசிப் பகுதி நிறம். ஆங்கிலத்தில் கறுப்பு, நீலம் இரண்டும் BL, பச்சை, சாம்பல் இரண்டும் GR. தமிழ்ப் பெயர்களில் இருந்து எடுத்தால் முட்டல் குறைவு: கறுப்பு KR, நீலம் NL, பச்சை PC, சாம்பல் SM, வெள்ளை VL, மெரூன் MR. மண்ணிறத்துக்கு மட்டும் MN வைக்கவில்லை, BR என்று வைத்தேன். மெரூனும் மண்ணிறமும் ராக்கையில் மாலை வெளிச்சத்தில் ஒன்று போலவே தெரியும், குறியீடும் ஒன்று போல இருந்தால் நிச்சயம் மாறிப் போகும். பல நிறம் கலந்த சாரத்துக்கு உடல் நிறத்தை மட்டும் எடுக்கிறோம், கரையின் நிறம் டிசைனோடு சேர்ந்தது.

ஆக, மெரூன் சாரம் ஒன்று SRG-101-MR. பெட்சீட்டுக்கு மட்டும் நான்காவது பகுதி உண்டு, ஒற்றைக் கட்டிலா இரட்டைக் கட்டிலா என்று: BED-104-NL-SG, BED-104-NL-DB. ஒரு வகையில் அளவுப் பகுதி இருந்தால் அந்த வகையில் எல்லாவற்றுக்கும் இருக்கும், இல்லையென்றால் ஒன்றுக்கும் இருக்காது. எல்லாம் பெரிய எழுத்து, நடுவில் சிறுகோடு மட்டும். சாய்கோடு போட்டால் படங்களுக்கு அதே பெயர் வைக்க முடியாது, விண்டோஸ் கோப்புப் பெயரில் அதை ஏற்காது. இப்போது படத்தின் பெயரும் SRG-101-MR-1.jpg தான், தேடுவது சுலபம்.

எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுவது என்பதில்தான் வீட்டில் நிறையப் பேச்சு நடந்தது. விலையைச் சேர்க்கச் சொன்னார்கள். நூல் விலை ஏறினால் விலையும் மாறும், லேபல் பொய் சொல்லும். நெய்பவரின் எழுத்தைச் சேர்க்க மச்சாளுக்கு ஆசை, தரத்தில் குறை வந்தால் யாரிடம் கேட்பது என்று தெரிய வேண்டுமே. ஆனால் SRG-103ஐ நெய்தவருக்கு வேறு பெரிய ஓடர் வந்ததால், அதே டிசைனை இன்னொரு தறிக்குக் கொடுத்தோம். நெய்பவர் எழுத்து குறியீட்டில் இருந்திருந்தால் ஒரே சாரம் இரண்டு குறியீட்டில் நிற்கும், ஒன்றில் இருப்பு இருக்கும்போதே மற்றது "முடிந்தது" என்று காட்டும். நெய்பவர், வந்த திகதி, சாயத் தொகுதி, ராக்கை, விலை எல்லாம் இப்போது நிரல்களில் இருக்கின்றன.

சாயம்தான் கைத்தறியில் தலையிடி. ஒரு தடவை போட்ட மெரூன் அடுத்த தடவை அப்படியே வராது. ஒவ்வொரு தொகுதிக்கும் புதுக் குறியீடு கொடுத்தால் பட்டியல் வெடித்துவிடும், கொடுக்காவிட்டால் படத்தில் பார்த்த நிறம் வரவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். இரண்டு தொகுதியில் இருந்தும் ஒவ்வொன்றை எடுத்துப் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்க்கிறோம். பழைய படத்தையே புதுத் துணிக்கும் காட்டலாம் என்றால் அதே குறியீடு. புதுப் படம் எடுக்கத்தான் வேண்டும் என்றால் புது நிறக் குறியீடு.

தாளில் குறியீட்டைக் கையால் அடிப்பதில்லை. வகை, எண், நிறம் மூன்றையும் தனித்தனி நிரலில் பட்டியலில் இருந்து தெரிந்தெடுத்தால் நான்காவது நிரலில் தானாகச் சேரும், அடுத்த நிரல் இரட்டிப்பைக் காட்டும்:

```
D2: =A2&"-"&B2&"-"&C2
E2: =COUNTIF(D:D,D2)
```

பெட்சீட் தாளில் அளவுக்கும் ஒரு நிரல் கூடும். E நிரலில் 1 தவிர வேறு எண் வந்தால் அங்கே ஏதோ பிழை.

பழையதை மாற்றியது இப்படித்தான். எங்கள் தளம் வூகொமர்ஸ். ஒரே குறியீட்டை இரண்டு பொருளுக்கு அது விடாது, அது நல்லது. டிசைனுக்கு SRG-101, அதற்குக் கீழே நிறங்களுக்கு SRG-101-MR, SRG-101-PC என்று வைத்ததால் அதன் அமைப்புக்கும் பொருந்தியது. பொருட்பட்டியலை ஏற்றுமதி செய்தால் ID என்று ஒரு நிரல் வரும், அதில் கைவைக்கக் கூடாது. SKU நிரலில் மட்டும் புதியதை எழுதி, Update existing products என்பதைத் தெரிவு செய்து திரும்ப ஏற்றினோம். முதலில் ஒரு டிசைனை மட்டும் ஏற்றிச் சரிபார்த்துவிட்டுத்தான் மிச்சம். அனுப்பாமல் இருந்த ஓடர்களை எல்லாம் பழைய லேபலோடு அனுப்பி முடித்து, இருப்பை எண்ணும்போதே ஒவ்வொரு பொலித்தீன் பையிலும் புது லேபல் ஒட்டினோம். பழைய குறியீட்டை அழிக்கவில்லை, தாளில் அது தனி நிரலாக இருக்கிறது, பழைய பற்றுச்சீட்டோடு யாராவது வந்தால் தேட உதவும்.

நின்றுபோன டிசைனின் எண்ணை இன்னொன்றுக்குக் கொடுப்பதில்லை. SRG-107 இப்போது நெய்யப்படுவதில்லை, ஆனாலும் அந்த எண் அதற்கே. கொடுத்தால் போன வருட விற்பனையும் இந்த வருட விற்பனையும் ஒரே வரியில் கலந்துவிடும்.

இன்னும் முடிவாகாத ஒன்று கலியாணத்துக்கு எடுக்கும் சாரம்-சால்வைச் சோடி. இப்போதைக்கு JOD-101 என்று தனிக் குறியீடு கொடுத்து, விற்றதும் SRG, PON இரண்டிலும் ஒவ்வொன்றைக் கையால் கழிக்கிறோம். சோடி விற்பனை கூடினால் இது தாங்காது, அப்போது தளத்திலேயே இரண்டையும் இணைக்கும் செருகி ஒன்று போட வேண்டிவரும்.