அமிலத்தைப் பயந்து ஊற்றியதால் வந்த வினை

திருகோணமலையில் கச்சான் காற்று அடிக்கும் மாதம். ஒடியல் மாவில் கரையும் வெல்லங்கள் எவ்வளவு என்று பீனோல்–சல்பூரிக் அமில முறையில் பார்க்க ஆரம்பித்தேன். 0.5 கிராம் மாவை 80% எதனோலில் சூடாக்கி, வடித்து, 50 மில்லிலீற்றராக்கினேன். இப்படிச் செய்தால் வெல்லம் வந்துவிடும், மாப்பொருள் பெரும்பாலும் பின்தங்கிவிடும்.

ஒரு மில்லிலீற்றர் சாற்றுக்கு 5% பீனோல் ஒரு மில்லிலீற்றர், அப்புறம் செறிந்த சல்பூரிக் அமிலம் 5 மில்லிலீற்றர். அமிலம் வெல்லத்திலிருந்து நீரைப் பறித்துவிட, மிஞ்சும் பொருள் பீனோலுடன் சேர்ந்து செம்மஞ்சளாகும். அந்த நிறம் 490 நானோமீற்றரில் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்க வேண்டும். முதல்முறை சாறு கறுத்துப்போனது. ஒப்பிட்டுப் பார்க்க, அளவு தெரிந்த குளுக்கோசு நியமங்களை 10 முதல் 100 மைக்கிரோகிராம் வரைதான் வைத்திருந்தேன், சாற்றில் அதைவிடப் பல மடங்கு இருந்தது. 20 மடங்கு ஐதாக்கினேன்.

அப்போதும் ஒரே சாற்றின் மூன்று குழாய்கள் 0.31, 0.42, 0.37 என்று மூன்று விதமாகக் காட்டின. பக்கத்தில் நின்ற ஆய்வுகூட அண்ணா நான் ஊற்றுவதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, சுவரோட வழிய விட்டா சூடு எங்க வரும்?" விஷயம் அதுதான். வெளியிலிருந்து நாம் சூடாக்குவதில்லை. அமிலமும் நீரும் கலக்கும்போது வரும் சூட்டில்தான் நிறமே பிறக்கிறது. மெதுவாக ஊற்றினால் சூடு சிதறிவிடும், அமிலமும் அடியில் தனிப்படையாகத் தங்கிவிடும். கண்ணாடி விநியோகக் குப்பியால் திரவத்தின் நடுவில் ஓரிரு விநாடிக்குள் விட வேண்டும். குழாய் தாங்கியில் இருக்க வேண்டும், கையில் பிடிக்க முடியாத சூடு வரும். பத்து நிமிடம் விட்டு, கலக்கி, 25–30 பாகை நீர்த்தொட்டியில் இருபது நிமிடம் வைத்தேன். அன்றைய வெக்கைக்குத் தொட்டியில் ஐஸ் போட வேண்டியிருந்தது.

சாறே சேர்க்காத வெற்று மாதிரியும் மஞ்சளாக நின்றது. குழாய்களைப் பஞ்சால் துடைத்திருந்தேன். பஞ்சும் காபோவைதரேற்றுத்தானே! நன்றாகக் கழுவி, துடைக்காமல் கவிழ்த்துக் காயவைத்ததும் சரியாகிவிட்டது.

பீனோல் பற்றி ஒன்று. கையுறைக்கும் சட்டைக்கும் இடையில் ஒரு துளி பட்டது எனக்கே தெரியவில்லை, ஏனெனில் அது மரத்துப்போகச் செய்யும். தோல் வெளிறியதைக் கண்டுதான் குழாயடிக்கு ஓடினேன். கால் மணி நேரத்துக்கு மேல் கழுவிவிட்டு, டொக்டரிடமும் காட்டினேன். தோல் வழியே உடலுக்குள் போகும் நஞ்சு என்பதால் வலியில்லை என்று விடக்கூடாது. அதன்பிறகு கையுறையைச் சட்டைக் கைக்கு மேலே இழுத்துப் போட்டு, முகமூடிக் கண்ணாடியோடு புகையை இழுக்கும் அலுமாரிக்குள்தான் வேலை.

மறுபடி செய்தபோது மூன்று குழாய்களும் 0.41க்கும் 0.43க்கும் இடையில் நின்றன. நியமக்கோட்டில் ஒரு மைக்கிரோகிராமுக்கு 0.010 என்பதால், சராசரி 0.42 என்றால் 42 மைக்கிரோகிராம். 20ஆலும் 50ஆலும் பெருக்கினால் 42 மில்லிகிராம், அதாவது மாவில் 8.4%. அறிக்கையில் "குளுக்கோசுக்குச் சமமாக" என்று சேர்த்தேன். எல்லா வெல்லமும் ஒரே அளவு நிறம் தருவதில்லை, பென்டோசு 480இல்தான் உச்சம் காட்டும்.

கழிவைத் தொட்டியில் ஊற்றவில்லை. ஆறவிட்டு, பெயர் ஒட்டிய கண்ணாடிப் போத்தலில் சேர்த்துக் கொடுத்தேன்.