நாளை பரீட்சை: எங்கள் படிப்பு வட்டத்தின் கடைசி மாலையில் பேசியது

அன்பான அக்காமாரே, அண்ணாமாரே, தம்பி தங்கைகளே,

வேலை முடிந்த களைப்போடும், பிள்ளைகளை யாரிடமாவது விட்டுவிட்டும் நாம் கூடிப் படித்த மாலைகள் இன்றுடன் நிறைவடைகின்றன. நாளை நீங்கள் எழுதப்போவது, ஜேர்மனிக்குக் குடிவந்தவர்களுக்கான மொழிப் பாடநெறியின் இறுதிப் பரீட்சை. நிரந்தர வதிவிட உரிமைக்கும் குடியுரிமைக்கும் பொதுவாக எதிர்பார்க்கப்படும் பி1 மட்டத்தை உங்களில் பெரும்பாலானோர் இதில் பெற்றாக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே பிரியாவிடை என்ற பெயரில் வாழ்த்துரை வாசிக்காமல், இதே பரீட்சையை எழுதித் தேறியவன் என்ற முறையில் நாளைக்கு உதவக்கூடியவற்றை மட்டும் சொல்லி விடைபெற விரும்புகிறேன்.

முதலில் புள்ளிகளைப் பற்றி. கேட்டலும் வாசிப்பும் ஒரே பகுதியாகக் கணக்கிடப்படும். அதில் 45 கேள்விகளில் 33 சரியாக இருந்தால் பி1. கடிதத்துக்கு 20 புள்ளிகள். 15 எடுத்தால் பி1. பேச்சுக்கு 100 புள்ளிகள். 75 எடுத்தால் பி1. சான்றிதழில் மொத்தமாக பி1 என்று வருவதற்குப் பேச்சில் கட்டாயம் பி1 வேண்டும். மற்ற இரண்டு பகுதிகளில் ஏதாவது ஒன்றிலும் பி1 வேண்டும். இதன் பொருளை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். ஒருவர் கேட்டலிலும் வாசிப்பிலும் சேர்த்து 30 புள்ளிகள்தான் எடுத்தார், ஆனால் கடிதத்தில் 16, பேச்சில் 80 என்றால் அவருக்குக் கிடைப்பது பி1. இன்னொருவர் முதற்பகுதியில் 40, கடிதத்தில் 18 என்று மிகச் சிறப்பாக எழுதிவிட்டுப் பேச்சில் 70 மட்டும் எடுத்தால் அவருக்குக் கிடைப்பது ஏ2. எழுத்துப் பகுதியில் ஏதோ பிழைத்துவிட்டது என்று மனமுடைந்து, பேச்சுப் பரீட்சைக்கு அரைமனதோடு போகிறவர்கள் இந்தக் கணக்கை அறியாமல்தான் அப்படிப் போகிறார்கள். கேட்டலில் நான்கைந்து கேள்விகளைத் தவறவிட்டாலும் நாளைய நாள் முடிந்துவிடவில்லை என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டலைப் பற்றி நாம் போதிய அளவு கதைத்துவிட்டோம். 25 நிமிடங்கள், ஒவ்வொரு ஒலிப்பதிவும் ஒரு தடவை மட்டுமே. விடைகளில் எழுதப்பட்டிருக்கும் சொல் ஒலிப்பதிவிலும் கேட்டது என்பதற்காக அதைத் தெரிவு செய்யாதீர்கள்; பெரும்பாலும் பிழையான விடைகளின் சொற்களும் அங்கே ஒலிக்கும். வைத்தியரின் வரவேற்பாளர், வியாழக்கிழமை சந்திப்பு நடைபெறாது, வெள்ளிக்கிழமை வரலாம், ஆனால் முதலில் தொலைபேசியில் உறுதிப்படுத்துங்கள் என்று சொல்லியிருப்பார். கேள்வியோ நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதாக இருக்கும். கிழமைகளைக் கேட்டு மயங்காமல், செய்யச் சொன்ன காரியத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வாசிப்புக்கு 45 நிமிடங்கள். விடைகளை விடைத்தாளுக்கு மாற்றுவதற்கென்று தனியாக நேரம் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு பகுதி முடிந்தவுடனும் அதற்குரிய விடைகளைக் குறித்துவிடுங்கள்.

கடிதத்துக்கு வருகிறேன். 30 நிமிடங்கள் தரப்படும். இரண்டு தலைப்புகளில் ஒன்றைத் தெரிவு செய்யலாம். தெரிவுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் செலவிட வேண்டாம். ஒவ்வொரு தலைப்பிலும் நான்கு குறிப்புகள் இருக்கும். நான்கைப் பற்றியும் எழுத வேண்டும் என்பதுதான் அடிப்படை விதி. சென்ற வாரம் நம் அக்கா ஒருவர் எழுதிய பயிற்சிக் கடிதத்தை, அவருடைய அனுமதியோடு இங்கே எடுத்துக்கொள்கிறேன். வீட்டில் வெப்பமூட்டி வேலை செய்யவில்லை, வீட்டு நிர்வாகத்துக்கு எழுத வேண்டும். குறிப்புகள்: ஏன் எழுதுகிறீர்கள், எப்போதிலிருந்து பிரச்சினை, என்ன செய்ய வேண்டுகிறீர்கள், எந்த நேரத்தில் வீட்டில் இருப்பீர்கள். அக்கா கைக்குழந்தையோடு குளிரில் படும் பாட்டை உயிரோட்டமாக எழுதியிருந்தார். வாசித்தபோது எனக்கே மனம் கனத்தது. ஆனால் திருத்த வருபவர் எந்த நாளில் வரலாம் என்ற நான்காவது குறிப்பு அந்தக் கடிதத்தில் இல்லை. நல்ல ஜேர்மன் மொழியில் எழுதியும் உள்ளடக்கத்துக்கான புள்ளிகள் அங்கே குறைகின்றன. குறிப்பு ஒன்றுக்கு இரண்டு வாக்கியங்கள் போதும். எழுதி முடித்த குறிப்புக்கு அருகில் வினாத்தாளில் ஒரு சிறு கோடு போடுங்கள். நான்கு கோடுகள் விழுந்த பின்பே முடிவு வணக்கத்தை எழுதுங்கள்.

கடைசி ஐந்து நிமிடங்களைத் திருத்துவதற்கு ஒதுக்குங்கள். அப்போது மூன்று இடங்களை மட்டும் பாருங்கள். 'ஸேர் கேயர்ட்டெ டாமென் உண்ட் ஹெரென்' என்று தொடங்கிக் காற்புள்ளி இட்ட பின், அடுத்த வரியின் முதற்சொல் பெயர்ச்சொல்லாகவோ மரியாதை முன்னிலையாகவோ இல்லாவிட்டால் சிறிய எழுத்தில் தொடங்க வேண்டும். நிர்வாகத்துக்கு எழுதும் கடிதத்தில் 'ஸீ' என்று தொடங்கி நடுவில் 'டூ' என்று வழுக்கிவிடக் கூடாது. மூன்றாவது, வினைச்சொல்லின் இடம். 'வைல்', 'டாஸ்', 'வென்' என்று தொடங்கும் துணைவாக்கியத்தில் வினை கடைசிக்குப் போகும். அது தமிழின் ஒழுங்கும்தான் என்பதால் நமக்கு அதில் அவ்வளவு இடறல் இல்லை. நாம் இடறுவது சாதாரண வாக்கியத்தில். 'திங்கட்கிழமையிலிருந்து' என்று நேரத்தை முன்னால் வைத்தவுடன், அடுத்ததாக வினையை வைக்காமல் எழுவாயை எழுதிவிடுகிறோம். நேரத்தில் தொடங்கும் ஒவ்வொரு வாக்கியத்தையும் விரல் வைத்துப் பாருங்கள்: இரண்டாவது இடத்தில் வினை நிற்கிறதா?

இனி பேச்சு. இதைப் பற்றியே நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு பரீட்சகர்கள் முன்னால் நீங்கள் இருவராக இருப்பீர்கள். ஏறத்தாழ 16 நிமிடங்கள். முன்கூட்டித் தயார் செய்ய நேரம் தரப்படாது. முதலில் உங்களை அறிமுகம் செய்ய வேண்டும். மனப்பாடம் செய்ததைச் சொல்வதில் தவறில்லை. ஆனால் அது முடிந்ததும் பரீட்சகர் உங்கள் வேலையைப் பற்றியோ நீங்கள் பேசும் மொழிகளைப் பற்றியோ ஒரு கேள்வி கேட்பார். மனப்பாடத்துக்கு வெளியே நீங்கள் எப்படிப் பேசுகிறீர்கள் என்பது அந்தக் கேள்விக்கான பதிலில்தான் தெரியவரும். கேள்வி விளங்காவிட்டால், தயவுசெய்து மீண்டும் சொல்ல முடியுமா என்று ஜேர்மன் மொழியில் கேளுங்கள். விளங்காமலே தலையாட்டிச் சிரிப்பதைவிட அப்படிக் கேட்பது எவ்வளவோ மேல். அடுத்தது படம்: என்ன தெரிகிறது என்று நான்கைந்து வாக்கியங்கள், பின்னர் அதே விடயத்தில் உங்கள் சொந்த அனுபவம். படத்தில் உள்ள பொருட்களைப் பட்டியலிட்டுக்கொண்டே போகாமல், அங்கே இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று சொல்லுங்கள்.

மூன்றாவது பகுதியில் இருவரும் சேர்ந்து ஒன்றைத் திட்டமிட வேண்டும். நாம் நேற்றுப் பயின்றது, வகுப்புத் தோழி ஒருவருக்கான பிரியாவிடை விருந்து. என்றைக்கு, எங்கே, யார் சமைப்பது, என்ன பரிசு என்று குறிப்புகள் இருந்தன. நம் தம்பியும் அவரைவிட இருபது வயது மூத்த அக்காவும் சோடியாக இருந்தார்கள். சனிக்கிழமை செய்வோம் என்றார் அக்கா. 'யா, கூட்' என்றார் தம்பி. என் வீட்டில் செய்வோம் என்றார் அக்கா. அதற்கும் 'யா, கூட்'. தம்பி இந்த வட்டத்திலேயே சரளமாகப் பேசக்கூடியவர்களில் ஒருவர். பெரியவர் சொன்னதை மறுத்துப் பேசக் கூடாது என்ற வளர்ப்புதான் அவருடைய வாயைக் கட்டியது. அந்த வளர்ப்பை நான் மதிக்கிறேன், ஆனால் பரீட்சகர் அதை அறியமாட்டார். அவருக்குக் கேட்பது இரண்டு சொற்கள் மட்டுமே. ஒரு திட்டத்தை முன்வைப்பது, காரணத்தோடு மறுப்பது, வேறொன்றைச் சொல்வது, மற்றவரின் கருத்தைக் கேட்பது ஆகியவற்றைத்தான் அவர் எதிர்பார்த்து இருக்கிறார்.

இரண்டாவது தடவை அதையே எப்படிச் செய்தோம் என்று நினைவுபடுத்துகிறேன். சனிக்கிழமை என்று அக்கா சொன்னதும் தம்பி, 'நல்ல யோசனை, ஆனால் சனிக்கிழமைகளில் எனக்கு வேலை இருக்கிறது. ஞாயிறு பின்னேரம் உங்களுக்குச் சரிவருமா?' என்று ஜேர்மன் மொழியில் கேட்டார். அந்த ஒரே பேச்சில் உடன்பாடு, மறுப்பு, காரணம், மாற்றுத் திட்டம், கேள்வி ஐந்தும் இருந்தன. ஞாயிறு சரி, ஆனால் ஆறு மணிக்கு முன்பு முடிக்க வேண்டும் என்று அக்கா பதில் சொன்னதும் உரையாடல் தானாகவே நடக்கத் தொடங்கியது. உண்மையில் சனிக்கிழமை வேலை இருக்கிறதா என்று யாரும் விசாரிக்கப் போவதில்லை.

நாளை உங்களோடு அமர்பவர் நம்மவராகவும் இருக்கலாம், வேறு நாட்டவராகவும் இருக்கலாம். அவர் திணறினால் உங்கள் புள்ளிகள் குறையா. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தான் புள்ளி இடுகிறார்கள். அவர் மௌனமானால் நீங்களே தொடர்ந்து சொற்பொழிவாற்ற வேண்டாம். ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய சிறு கேள்வி ஒன்றைக் கேட்டு அவரை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். அது அவருக்கும் உதவி. உரையாடத் தெரிந்தவர் நீங்கள் என்பதற்கும் அதுவே சான்று.

கடவுச்சீட்டையோ வதிவிட அட்டையையோ இன்றிரவே பையில் வையுங்கள். முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். பி1 கிடைக்காதவர்களும் முடிவுத்தாளில் எந்தப் பகுதியில் எந்த மட்டம் என்று தனித்தனியாகக் காண்பார்கள். அடுத்த தடவைக்கான தயாரிப்பை அந்தத் தாளிலிருந்தே தொடங்கலாம். அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.

அடுத்த மாதம் நான் வேலைக்காக வேறு நகரத்துக்கு மாறுகிறேன். இந்த அறையின் சாவியையும் பயிற்சித் தாள்களையும் பொறுப்பேற்க இருவர் முன்வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி. ஒவ்வொரு மாலையும் கடைசி அரைமணி நேரம் தமிழில் பேசாமல், சோடிகளை மாற்றி மாற்றித் திட்டமிடும் பயிற்சி செய்ய வேண்டும் என்பதே அவர்களிடம் நான் வைக்கும் ஒரே வேண்டுகோள். இப்போது நேரம் எட்டு ஆகிறது. இன்றைக்கும் அந்த அரைமணி நேரம் மிச்சம் இருக்கிறது. இதுவரை சேர்ந்து பேசாத ஒருவருக்கு அருகில் போய் அமருங்கள், தாள்களைத் தருகிறேன்.