மேனேஜர் மாறிய ஃபண்டும் இரண்டு ஃபேக்ட்ஷீட்டுகளும்

என்னிடம் நெடுநாளாக இருக்கும் ஒரு பங்குசார் ஃபண்டில் கூடுதலாகப் பணம் போடலாமா என்று முடிவெடுக்க, ஃபண்ட் நிறுவனம் மாதந்தோறும் வெளியிடும் தகவல் தாளான ஃபேக்ட்ஷீட்டை எடுத்தேன். முதல் பக்கத்தில் பத்தாண்டு வருமானம் கொட்டை எழுத்தில் இருந்தது. லாபம் குறைந்தாலும் பரவாயில்லை, முதலில் கைகடிக்கக் கூடாது என்று நினைக்கிறவன் நான். அதனால் அதைத் தாண்டி, சின்ன எழுத்தில் இருக்கும் இடத்துக்குப் போனேன்.

ஃபண்ட் மேனேஜர் பெயருக்குக் கீழே, அவர் எந்த மாதத்திலிருந்து இந்த ஃபண்டைக் கவனிக்கிறார் என்று போட்டிருந்தது. கணக்குப் பார்த்தால் பதினான்கு மாதம்தான். அப்படியானால் அந்தப் பத்தாண்டு வருமானத்தில் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் முந்தைய மேனேஜருடையவை. சில ஃபேக்ட்ஷீட்டுகளில் இரண்டு மூன்று பெயர்கள் இருக்கும். அப்போது ஒவ்வொரு பெயருக்கும் எதிரே உள்ள தேதியைத் தனித்தனியே பார்க்க வேண்டும். பழைய தேதி, வெளிநாட்டுப் பங்குகளை மட்டும் கவனிப்பவருடையதாகவும் இருக்கலாம்.

அடுத்து, ஃபண்ட் தன் பங்குகளை எவ்வளவு வேகமாக மாற்றுகிறது என்று காட்டும் போர்ட்ஃபோலியோ டேர்ன்ஓவர். 96 சதவீதம் என்று இருந்தது. ஓராண்டில் ஃபண்ட் வாங்கியது, விற்றது இரண்டில் எது குறைவோ அதை ஃபண்டின் சராசரிச் சொத்தால் வகுப்பதே வழக்கமான கணக்கு. சராசரிச் சொத்து 100, வாங்கியது 90, விற்றது 70 என்றால் டேர்ன்ஓவர் 70 சதவீதம். குறைந்ததை எடுப்பதற்குக் காரணம் உண்டு. முதலீட்டாளர்கள் புதிதாகப் போட்ட பணத்தில் பங்கு வாங்கினால் அதைப் பழைய பங்குகளை மாற்றியதாகக் கருத முடியாது அல்லவா? 25 சதவீதம் என்றால் ஒரு பங்கைச் சராசரியாக நான்கு ஆண்டுகள் வைத்திருக்கிறார்கள் என்று தோராயமாகக் கொள்ளலாம். 96 என்றால் ஓராண்டுக்குச் சற்றே கூடுதல். சில நிறுவனங்கள் இதையே 0.96 என்று மடங்காக அச்சிடுகின்றன. அதை ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று படித்துவிடக் கூடாது.

இந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது என்பதால், மேனேஜர் மாறுவதற்கு முந்தைய ஃபேக்ட்ஷீட்டையும் தேடி எடுத்தேன். பழையவற்றை நிறுவனத்தின் இணையதளத்திலேயே வைத்திருக்கிறார்கள். அதில் டேர்ன்ஓவர் 22 சதவீதம். மொத்தம் 52 பங்குகள். அதிகப் பணம் போட்டிருந்த முதல் பத்தின் எடை, அதாவது ஃபண்டின் மொத்தப் பணத்தில் அவை பிடித்திருந்த அளவு, 41 சதவீதம். இப்போதோ 29 பங்குகள், முதல் பத்தின் எடை 57. பழைய முதல் பத்தில் மூன்று பெயர்கள்தான் மிஞ்சியிருந்தன. ஃபண்டின் பெயர் மட்டும் மாறவில்லை!

முதல் பத்தின் எடையைத் தனியாகப் பார்த்து மிரளவும் வேண்டாம். ஃபண்டை ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் பெஞ்ச்மார்க் குறியீடே சில பெரிய நிறுவனங்களில் குவிந்திருந்தால் ஃபண்டும் அப்படித்தான் இருக்கும். இங்கே பெஞ்ச்மார்க்கின் முதல் பத்து 38 சதவீதம். ஃபண்டில் அதற்கு மேல் இருப்பது மேனேஜர் தெரிந்தே எடுத்த நிலைப்பாடு. முதலிடத்தில் இருந்த பங்கின் எடை 9.4 சதவீதம். அது 30 சதவீதம் விழுந்தால் அந்த ஒரு பங்காலேயே ஃபண்டின் மதிப்பு 2.8 சதவீதம் குறையும். என்னைப் போன்றவர்கள் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இதுதான்.

இனி ஒரு கேள்விதான் பாக்கி. 96 சதவீதம் என்பது புதியவர் வீட்டை ஒழுங்குபடுத்திய செலவா, அல்லது அவருடைய வழக்கமே அதுவா? புதிதாக வரும் மேனேஜர் தமக்குப் பிடிக்காத பங்குகளை முதல் சில மாதங்களில் விற்றுத் தள்ளுவது இயல்பு. டேர்ன்ஓவர் கடந்த பன்னிரண்டு மாதக் கணக்கு என்பதால், அந்த விற்பனை பின்னால் நகர நகர எண் தானாகவே இறங்க வேண்டும். முதல் ஆறு மாதங்களில் மாற்றம் முடிந்திருந்தால், பதினெட்டாவது மாத ஃபேக்ட்ஷீட்டில் அதன் சுவடு இருக்காது.

அதுவரை காத்திருக்காமல், இதே மேனேஜர் ஆறு ஆண்டுகளாக நடத்தும் இன்னொரு ஃபண்டின் பக்கத்தைப் புரட்டினேன். அங்கே டேர்ன்ஓவர் 88 சதவீதம். ஓராண்டுக்கு முந்தைய தாளிலும் எண்பதுக்கு மேல்தான். ஆக, அடிக்கடி வாங்கி விற்பது அவருடைய பாணி. அந்தப் பாணி கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒவ்வொரு வாங்கலிலும் விற்றலிலும் தரகும் விலை வித்தியாசமும் கழிகின்றன. அவற்றில் ஒரு பகுதி, ஃபேக்ட்ஷீட்டில் காட்டும் செலவு விகிதத்தில் தெரிவதில்லை. நேரே வருமானத்திலிருந்து போய்விடும்.

அதனால் புதிதாகப் பணம் போடுவதை நிறுத்திவிட்டேன். இருப்பதை இப்போதைக்கு விற்கவில்லை. பதினெட்டாவது மாதத் தாள் வந்ததும் டேர்ன்ஓவரையும் முதல் பங்கின் எடையையும் பார்ப்பேன். இரண்டும் இறங்கவில்லை என்றால், வெளியேறும் கட்டணத்தையும் வரியையும் கணக்கிட்டுக்கொண்டு படிப்படியாக எடுத்துவிடுவதாக இருக்கிறேன்.